கொக்கியை நிற்க வைத்து அச்சிடாதீர்கள்

பை மாட்டும் எல் வடிவக் கொக்கிதான் 3டி பிரிண்டரில் செய்து எளிதில் உடைகிற சாமான்களில் ஒன்று. நான் முதலில் செய்ததும் அடியோடு ஒடிந்தது. சுவரில் பொருந்தும் பட்டையை பிரிண்டரின் பெட்டில் படுக்க வைத்து, கையை மேல்நோக்கி வளரவிட்டிருந்தேன். அந்தரத்தில் நிற்கும் பகுதியைத் தாங்கும் சப்போர்ட் தேவைப்படாது, பார்க்கவும் அழகு. தவறு அங்கேதான்.

உடைந்த முகத்தைப் பாருங்கள். வெட்டி எடுத்ததுபோல் தட்டையாக, லேயர் கோடுகளோடு ஒட்டிப் போயிருந்தால், ஒடிந்தது பிளாஸ்டிக் இல்லை, இரண்டு லேயருக்கு நடுவிலுள்ள ஒட்டு. ஒழுங்கற்று, வெளுத்துக் கிழிந்திருந்தால் பிளாஸ்டிக்கே தாங்கவில்லை என்று அர்த்தம்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கை 60 மி.மீ. நீளம், 12 மி.மீ. அகலம், 8 மி.மீ. தடிமன். நுனியில் 5 கிலோ பை. கை பட்டையோடு சேரும் இடத்தின் மேல் பரப்பில் சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 23 நியூட்டன் இழுப்பு வரும், அதுவும் உள்ளே முழுத் திடமாக இருந்தால். பிஎல்ஏ பிளாஸ்டிக், அச்சிட்ட இழை போன நீளவாக்கில் ஏறத்தாழ 50 வரை தாங்கும். லேயர்களைப் பிரிக்கும் திசையிலோ பெரும்பாலும் அதில் பாதிதான். பையை ஒருமுறை வெடுக்கென்று மாட்டினால் போதும், கதை முடிந்தது.

கொக்கியைப் பக்கவாட்டில் படுக்க வையுங்கள், எல் எழுத்தைத் தாளில் வரைந்ததுபோல். அப்போது ஒவ்வொரு இழையும் பட்டையிலிருந்து மூலை திரும்பி கைக்குள் ஓடும். இழுப்பைத் தாங்குவது ஒட்டு அல்ல, இழை. இதற்கும் சப்போர்ட் வேண்டாம்.

அடுத்து பலர் செய்வது, ஒடிந்ததும் உள்ளே நிரப்பும் இன்ஃபில்லை 20 சதவீதத்திலிருந்து 80 ஆக்குவது. வளையும் கையில் இழுப்பு அதிகம் விழுவது வெளிப்பரப்பில்தான். அதனால் வெளிச்சுவர்களின் எண்ணிக்கையை 2-லிருந்து 5 ஆக்குங்கள், அதே பிலமெண்ட்டில் நல்ல பலன் கிடைக்கும். உள் மூலையைக் கூர்மையாக விடாமல் 5 மி.மீ. வளைவு கொடுங்கள். விரிசல் தொடங்குவது அங்கேதான். இன்னும் தாங்காவிட்டால் தடிமனைக் கூட்டுங்கள்: 8 மி.மீ.-ஐ 16 ஆக்கினால் அந்த இழுப்பு நான்கில் ஒரு பங்காகிவிடும்.

படுக்க வைத்தாலும் ஒரு சிக்கல் மிச்சம். இப்போது ஸ்க்ரூ போகும் திசை லேயர்களுக்கு இணையாக இருக்கும். கூம்புத் தலை ஸ்க்ரூவை இறுக்கினால், ஆப்பு அடித்த மாதிரி லேயர்களைப் பிளந்துவிடும். தட்டையான அடியுள்ள தலையும் ஒரு வாஷரும் போட்டு, பட்டை சுவரில் அசையாமல் நின்றதும் நிறுத்திவிடுங்கள்.

சில வடிவங்களில் நிற்க வைப்பதைத் தவிர்க்க முடியாது. அப்போது நாசில் சூட்டை 10 டிகிரி கூட்டி, ஃபேனைக் குறைத்தால் ஒட்டு கொஞ்சம் பலப்படும். அதைவிட உறுதியான வழி, கை நெடுக ஒரு துளை விட்டு, பட்டையின் பின்னாலிருந்து நீள போல்ட் செருகி, நுனியில் நட் போட்டு இறுக்குவது. லேயர்கள் அழுந்தியே இருப்பதால் பிரிய வாய்ப்புக் குறைவு.