அதிகாலை விமானமா? முந்தின இரவே செய்துவிடும் தவறுகள்

சென்னையிலிருந்து காலை 5.35-க்கு டெல்லி விமானம், வீடு அம்பத்தூரில் என்று வைத்துக்கொள்வோம். "அந்த நேரத்துல ரோடு காலியா இருக்கும், நாலு மணிக்குக் கிளம்பினா போதும்" என்று வீட்டில் ஒருவராவது சொல்வார். ரோடு காலியாக இருக்கும் என்பது உண்மைதான். ஆனாலும் விமானம் போய்விடும்.

5.35 என்பது விமானம் கிளம்பும் நேரம். நமக்கு முக்கியமானவை அதற்கு முன்னால் வரும் இரண்டு நேரங்கள். உள்நாட்டுப் பயணத்தில் பெட்டி போடும் கவுன்டரைப் பொதுவாக 60 நிமிடம் முன்பே, அதாவது 4.35-க்கே மூடிவிடுவார்கள். ஏறும் கேட்டை 25 நிமிடம் முன்பு, அதாவது 5.10-க்கு மூடுவார்கள். நாலு மணிக்குக் கிளம்பியவர் 4.45-க்கு வாசலில் இறங்குவார். அப்போது பெட்டியை வாங்க ஆள் இருக்காது. "வெப் செக்-இன் செஞ்சாச்சே" என்று சொல்லிப் பயனில்லை. வெப் செக்-இன் சீட்டைத்தான் உறுதிசெய்கிறது. பெட்டிக்கு அதே 4.35 கெடுதான்.

இந்தியாவில் அதிகாலைதான் பல விமான நிலையங்களுக்கு நெரிசல் நேரம். ஐந்திலிருந்து ஏழு மணிக்குள் வரிசையாக விமானங்கள் கிளம்பும். அதனால் நாலு மணிக்கே நுழைவு வாசலிலும் பாதுகாப்புச் சோதனையிலும் கூட்டம் நிற்கும். ஊர் தூங்குகிறது என்றால் ஏர்போர்ட்டும் தூங்கும் என்று நினைத்துவிடக் கூடாது.

எனவே பின்னாலிருந்து கணக்குப் போடுங்கள். கவுன்டர் மூடுவது 4.35 என்றால் 3.50-க்கு வாசலில் இறங்க வேண்டும். இரவில் அம்பத்தூரிலிருந்து முக்கால் மணி நேரம், எங்காவது சாலை வேலை நடந்தால் இன்னும் பத்து நிமிடம். ஆக, 2.55-க்கு வண்டி நகர வேண்டும், இரண்டு மணிக்கு எழுந்தாக வேண்டும். இந்த நான்கு நேரங்களையும் ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிடுங்கள். தூக்கக் கலக்கத்தில் யாருக்கும் கழித்தல் கணக்கு வராது.

தேதியில் விழும் குழி

வெளிநாடு போகிறவர்களுக்கு இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. சென்னையிலிருந்து நள்ளிரவை ஒட்டிக் கிளம்பும் பன்னாட்டு விமானங்கள் நிறைய. டிக்கெட்டில் "15-ஆம் தேதி, 00:45" என்று இருக்கும். 15-ஆம் தேதி இரவு சாப்பிட்டுவிட்டுக் கிளம்பலாம் என்று நினைத்தால், விமானம் போய் ஏறத்தாழ ஒரு நாள் ஆகியிருக்கும். 00:45 என்பது 14-ஆம் தேதி இரவு படுக்கப் போகும் நேரம். 14-ஆம் தேதி இரவு ஒன்பதரை மணிக்கே ஏர்போர்ட்டில் இருக்க வேண்டும். அழைத்துப் போகும் தம்பிக்கும் டாக்ஸிக்காரருக்கும் தேதியை மட்டும் சொல்லாதீர்கள். "செவ்வாய்க்கிழமை ராத்திரி" என்று கிழமையோடு சொல்லுங்கள்.

தேதியைச் சரிபார்க்கும்போதே பி.என்.ஆர். எண்ணைப் போட்டு விமான நிறுவனத்தின் தளத்தில் நேரத்தையும் ஒருமுறை பாருங்கள். சில சமயம் விமானத்தை முன்கூட்டியே கிளப்பும்படி நேரத்தை மாற்றிவிடுவார்கள். அந்தக் குறுஞ்செய்தி, டிக்கெட் போட்டபோது கொடுத்த எண்ணுக்குத்தான் போகும். டிராவல்ஸ்காரர் தன் எண்ணைக் கொடுத்திருந்தால் செய்தி அவர் போனிலேயே கிடக்கும். முனையத்தையும் அப்போதே குறித்துக்கொள்ளுங்கள். சென்னையில் உள்நாட்டு விமானங்கள் டி1, டி4 என இரண்டு இடங்களிலிருந்து கிளம்புகின்றன. பன்னாட்டு விமானங்களுக்கு டி2. பெட்டிகளோடு தவறான முனையத்தில் இறங்கினால் பத்து நிமிடமாவது போய்விடும்.

ஆவணம்: போனில் இருக்கிறது என்பது போதாது

வாசலில் நிற்கும் சி.ஐ.எஸ்.எஃப். காவலர் டிக்கெட்டையும் அடையாள அட்டையையும் கேட்பார். வாட்ஸ்அப்பில் மகன் அனுப்பிய ஆதார் படத்தைக் காட்டினால் ஏற்க மாட்டார். ஜெராக்ஸும் செல்லாது. அசல் அட்டை வேண்டும், இல்லாவிட்டால் எம்ஆதார், டிஜிலாக்கர் போன்ற அரசு செயலிகளில் திறந்து காட்ட வேண்டும். சிக்கல் அங்கேதான். டிஜிலாக்கரைப் பல மாதம் திறக்காதவரிடம் அது மறுபடி ஓ.டி.பி. கேட்கும், அல்லது மறந்துபோன ரகசிய எண்ணைக் கேட்கும். பின்னால் வரிசை நிற்க, நெட்வொர்க் ஒரு கோட்டில் தொங்கிக்கொண்டிருக்கும். முந்தின இரவே ஒருமுறை உள்ளே போய் அட்டையைத் திறந்து பார்த்துவிடுங்கள். எனக்கு எப்போதும் அசல் அட்டைதான் நிம்மதி.

நம் ஊருக்கே உரிய தொல்லை இனிஷியல். ஆதாரில் "முருகன் செ" என்று இருக்கும். டிக்கெட் தளமோ குடும்பப் பெயர் இல்லாமல் நகராது. அதனால் "முருகன் செல்வராஜ்" என்றோ "முருகன் முருகன்" என்றோ போட்டிருப்போம். உள்நாட்டுப் பயணத்தில் இனிஷியலை விரித்து எழுதியது பெரும்பாலும் பிரச்சினை ஆகாது. வீட்டில் கூப்பிடும் பெயரில் டிக்கெட் போட்டதுதான் ஆகும்: அட்டையில் முருகன், டிக்கெட்டில் பாபு. இதை இரவு எட்டு மணிக்குக் கண்டுபிடித்தால் விமான நிறுவனத்தை அழைத்துத் திருத்தக் கேட்கலாம். நாலு மணிக்கு வாசலில் கண்டுபிடித்தால் கெஞ்ச மட்டுமே முடியும். வெளிநாட்டுப் பயணத்தில் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயர் இருக்க வேண்டும், விட்டுக்கொடுப்பே கிடையாது.

கைக்குழந்தை இருந்தால் பிறப்புச் சான்றிதழையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். குழந்தைக்குப் பால் பவுடர் வரை எடுத்துவைப்பவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள்.

அலாரம்

அலாரம் அடிக்காமல் போவதில்லை, தவறான நேரத்தில் அடிக்கிறது. இரண்டு மணிக்கு ஏ.எம். வைப்பதற்குப் பதில் பி.எம். வைத்திருப்போம். அல்லது வேலைக்குப் போக வைத்த பழைய அலாரத்தில் நேரத்தை மட்டும் மாற்றியிருப்போம். அது திங்கள் முதல் வெள்ளி வரைதான் அடிக்கும், விமானமோ ஞாயிற்றுக்கிழமை. பல ஆண்ட்ராய்டு போன்களில் அலாரத்தைச் சேமித்ததும் கீழே ஒரு வரி வந்துபோகும். இரவு 9.40-க்கு வைக்கிறீர்கள் என்றால் "இன்னும் 4 மணி 20 நிமிடத்தில்" என்று காட்ட வேண்டும். 16 மணி 20 நிமிடம் என்று காட்டினால் நீங்கள் பிற்பகலுக்கு வைத்திருக்கிறீர்கள். அந்த வரியைப் படிக்காமல் போனை வைக்காதீர்கள். கடிகாரத்தை 24 மணி முறைக்கு மாற்றிவிட்டால் இந்தக் குழப்பமே வராது.

அடுத்தது சத்தம். ஆண்ட்ராய்டில் அலாரத்துக்கென்று தனி ஒலி அளவு உண்டு. ரிங்டோன் உச்சத்தில் இருந்தாலும் அலாரம் அடிமட்டத்தில் இருக்கலாம். ஐபோனில் ரிங்டோன் அளவைக் குறைத்தால் அலாரமும் சேர்ந்து குறையும். ஒரு நிமிடம் கழித்து அடிக்கும்படி ஒரு சோதனை அலாரம் வைத்துக் கேட்டுவிட்டால் வேலை முடிந்தது. ஐந்து நிமிட இடைவெளியில் எட்டு அலாரம் வைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. கை பழகி எல்லாவற்றையும் தூக்கத்திலேயே அணைத்துவிடும். எழுந்து நடந்தால்தான் அணைக்க முடியும் என்ற தூரத்தில் ஒன்று, வேறொருவர் போனில் இன்னொன்று, அது போதும்.

வண்டி

செயலியில் முன்பதிவு செய்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. பெரும்பாலும் இரவே ஓட்டுநர் யார் என்று முடிவாவதில்லை. நேரம் நெருங்கும்போதுதான் செயலி ஆளைத் தேடத் தொடங்கும். அதிகாலை மூன்று மணிக்கு அக்கம்பக்கத்தில் வண்டி இல்லையென்றால் முன்பதிவு வெறும் பதிவுதான். ஆள் கிடைத்தாலும், "சார், எங்க போகணும்? கேஷா, ஆன்லைனா?" என்று ஒரு அழைப்பு வரும். நீங்கள் குளித்துக்கொண்டிருந்தாலோ போன் தொந்தரவு வேண்டாம் நிலையில் இருந்தாலோ அவர் ரத்து செய்துவிட்டுப் போய்விடுவார். அதனால் அலாரத்தை அணைத்த கையோடு அந்த நிலையையும் அணைத்துவிடுங்கள்.

மெட்ரோவை இந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. ஏர்போர்ட் வாசலிலேயே நிலையம் இருந்தாலும் முதல் ரயில் காலை ஐந்து மணி வாக்கில்தான். 5.35 விமானத்துக்கு அது உதவாது. ஏழரை, எட்டு மணி விமானத்துக்கு உதவும்.

ஒரு கால் டாக்ஸிக்காரர் எண்ணையோ தெருமுனை ஆட்டோ அண்ணன் எண்ணையோ கையில் வைத்துக்கொள்வது நல்லது. அவரிடம் இரவு ஒன்பது மணிக்கு முன் பேசி, "வண்டி வரலைன்னா கூப்பிடுவேன்ணே, போன் எடுப்பீங்களா?" என்று கேட்டுவிடுங்கள். எப்போது அவரைக் கூப்பிடுவது என்பதையும் இப்போதே முடிவு செய்துகொள்ள வேண்டும். நம் கணக்கில் 2.35-க்குள் செயலி வண்டியின் எண் வராவிட்டால் அவருக்குப் போன். அப்படி ஒரு கெடு இல்லாவிட்டால் "இன்னும் ரெண்டு நிமிஷம் பார்க்கலாம்" என்றே மூன்றரை ஆகிவிடும். அடுக்குமாடிக் குடியிருப்பானால் வாட்ச்மேனிடம் சொல்லி வையுங்கள். தனி வீடானால் கேட் சாவி எங்கே என்று பாருங்கள்.

சார்ஜ்

டிக்கெட், அடையாள அட்டை, அலாரம், வண்டி, அதற்குக் கொடுக்கும் ஜிபே பணம் என எல்லாம் ஒரே போனுக்குள் இருக்கின்றன. அது இரவில் அணைந்தால் எல்லாமே சேர்ந்து அணையும். அணைந்த போனில் அலாரம் அடிக்காது.

பெரும்பாலான நேரம் காரணம் அற்பமானது: சார்ஜரைச் சொருகியிருப்போம், சுவிட்சைப் போட்டிருக்க மாட்டோம். அல்லது எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சொருகியிருப்போம், வழக்கம்போல யாரோ படுக்கப் போகும்போது அதை அணைத்திருப்பார்கள். திரையில் மின்னல் குறியைப் பார்த்த பிறகு படுங்கள். இன்வெர்ட்டர் உள்ள வீட்டிலும் எல்லா பிளக்குக்கும் அந்த இணைப்பு இருக்காது. எதற்கு உண்டோ அதில் போடுங்கள். கூடவே டிக்கெட்டை ஒரு தாளில் அச்சிட்டு, பையில் அசல் அடையாள அட்டையும் ஐந்நூறு ரூபாய் ரொக்கமும் வைத்துவிட்டால் போன் செத்தாலும் ஏர்போர்ட்டுக்குள் போய்விடலாம்.

சார்ஜ் ஏற்றிய பவர் பேங்கைப் பெரிய பெட்டிக்குள் போட்டுவிடாதீர்கள். லித்தியம் பேட்டரி தீப்பிடிக்கக்கூடியது, சரக்குப் பகுதியில் அதை யாரும் கவனிக்க முடியாது என்பதால் கைப்பையில் மட்டுமே அனுமதி. பெட்டியில் இருந்தால் ஸ்கேனரில் தெரிந்து, ஒலிபெருக்கியில் உங்கள் பெயரைக் கூப்பிட்டு, திறந்து எடுக்கச் சொல்வார்கள். அளவு 100 வாட் ஹவருக்குள் இருக்க வேண்டும். லேபிளில் 20,000 எம்.ஏ.ஹெச்., 3.7 வோல்ட் என்று இருந்தால் 20000 × 3.7 ÷ 1000 = 74, கவலை இல்லை. 30,000 என்றால் 111; அதற்கு விமான நிறுவனத்தின் முன் அனுமதி தேவை. எழுத்து அழிந்துபோன பழைய பவர் பேங்காக இருந்தால் சோதனையில் இருப்பவருக்கு அளவு தெரிய வழியில்லை, பிடுங்கி வைத்துவிடலாம். ஏறிய பிறகு அதில் போனைப் போடலாம் என்றும் நம்பிவிட வேண்டாம். சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் எமிரேட்ஸும் 2025-இலேயே விமானத்துக்குள் பவர் பேங்க் பயன்படுத்துவதை நிறுத்திவிட்டன. இறங்கும் ஊரில் வண்டி பிடிக்க வேண்டிய சார்ஜையும் வீட்டிலேயே ஏற்றிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான்.