எண்ணிக்கை சரி, ஆனால் பாட வரவில்லை: தமிழ்ப் பாட்டை இத்தாலியனுக்குக் கொண்டுபோகும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ட்யூனுக்குப் பாட்டெழுதும் வழக்கம் கோடம்பாக்கத்துக்குப் புதிதல்ல. இசையமைப்பாளர் ‘தான தான தானனா’ என்று தத்தகாரம் பாடிக் கொடுப்பார், கவிஞர் அதன் மேல் சொற்களை உட்கார வைப்பார். இத்தாலியப் பாடலாசிரியர்களிடமும் இதே பழக்கம் உண்டு. பொருளில்லாத சொற்களை மெட்டுக்குள் நிரப்பி வைத்துக்கொண்டு அதை ‘மஸ்கெரீனா’ என்பார்கள். அதனால் ஒரு தமிழ்ப் பாட்டை அதே மெட்டில் இத்தாலியனில் எழுதுவது வெறும் எண்ணிக்கைக் கணக்கு என்று தோன்றிவிடுகிறது. தமிழில் ஏழு என்றால் அங்கேயும் ஏழு வைத்தால் போதும் என்று நினைக்கிறோம். அப்படி எழுதிய வரிகள்தான் பாடகர் வாயில் மாட்டிக்கொள்கின்றன.

எடுத்துக்காட்டுக்காக எழுதிய இரண்டு வரிகளை வைத்துப் பார்க்கலாம்.

காற்றும் வந்து பேசுதே
காலம் நின்று கேட்குதே

மெட்டு: தான தான தானனா. ஏழு நோட்டுகள். 1, 3, 5, 7 ஆகிய நோட்டுகளில் தாளத்தின் தட்டு விழுகிறது. கடைசி ‘தே’ நீண்டு நிற்கிறது.

யாப்பு அசையை எண்ணுவது

யாப்பு படித்தவர்கள் முதலில் சறுக்குவது இங்கேதான். ‘காற்றும்’ தேமா, ‘வந்து’ தேமா, ‘பேசுதே’ கூவிளம் என்று அலகிட்டால் ஆறு அசைதான் வரும், ஏனென்றால் ‘சுதே’ ஒரே நிரையசை. மெட்டிலோ ‘சு’வுக்கு ஒரு நோட்டு, ‘தே’வுக்கு ஒரு நோட்டு. மொழிபெயர்ப்புக்கு வேண்டியது ஒரு நோட்டில் விழும் ஒலி மட்டுமே. இனி இந்தக் கட்டுரையில் அசை என்றால் அதுதான். தாளில் முதலில் தமிழ் வரியை எழுதாதீர்கள். நோட்டுகளை 1 முதல் 7 வரை எழுதி, தட்டு விழும் எண்களுக்கு மேல் ஒரு கோடு போடுங்கள். பிறகு வரும் எல்லா முடிவுகளையும் அந்தக் கோடுகளை வைத்தே எடுக்க வேண்டும்.

உயிரெழுத்துகளைத் தனித்தனியாக எண்ணுவது

முதல் வரியை நேராக மொழிபெயர்த்தால் ‘ஆன்க்கே இல் வென்த்தோ வியேனே எ பார்லா’ என்று வரும். காற்றும், வந்து, பேசுகிறது என்று எல்லாம் அதில் இருக்கிறது. சொல் சொல்லாகப் பிரித்து எண்ணினால் பத்து அசை. ஏழுக்குப் பத்தா என்று பயந்து, நல்ல வரியைத் தூக்கிப் போட்டுவிடுகிறவர்கள் அதிகம்.

இத்தாலியனில் ஒரு சொல் உயிரில் முடிந்து அடுத்த சொல் உயிரில் தொடங்கினால், பேச்சிலும் பாட்டிலும் இரண்டும் ஒரே அசையாகச் சேர்ந்துவிடும். இதற்கு ‘சினலெஃபே’ என்று பெயர். ‘கே’யும் ‘இல்’லும் ஒரு நோட்டு. ‘வியேனே’யின் கடைசி ‘னே’யும் ‘எ’யும் ஒரு நோட்டு. இப்போது எண்ணுங்கள்: ஆன் | கே‿இல் | வென் | தோ | வியே | னே‿எ | பார் | லா. எட்டுதான். பத்து என்று பயமுறுத்திய வரியில் ஒன்றே ஒன்றுதான் மிஞ்சி நிற்கிறது.

சேர்ப்பது என்றால் ஓர் உயிரைக் கெடுப்பது அல்ல. இரண்டும் காதில் விழ வேண்டும், ஆனால் ஒரே நோட்டுக்குள். தமிழ் நாக்குக்கு இது எளிதல்ல. நமக்கு உயிரும் உயிரும் சந்தித்தால் உடம்படுமெய் தானாக வந்து நிற்கும். ‘நிலா ஒளி’ நிலாவொளி ஆவது போல ‘கே இல்’ உடனே ‘கேயில்’ ஆகிவிடும். அந்த ‘ய்’ நுழைந்த நொடியில் அசை இரண்டாகிவிடுகிறது, தாளம் தள்ளிப்போகிறது. அதே போல ‘இல்’, ‘கொன்’, ‘பெர்’ போன்ற மெய்யில் முடியும் சின்னச் சொற்களுக்குப் பின்னால் நாம் அறியாமலே ஓர் உகரம் ஒட்டும்: ‘இல்லு வென்த்தோ’. அதுவும் ஓர் அசை. எண்ணிக்கை தாளில் சரியாக இருந்து ஒலிப்பதிவில் பிசகினால், முதலில் இந்த இரண்டு இடங்களைத்தான் தேட வேண்டும்.

சேர்க்கக் கூடாத இடங்களும் உண்டு. இரண்டு உயிர்களுக்கு நடுவே மெட்டில் மௌனமோ மூச்சு எடுக்கும் இடமோ இருந்தால் அவை சேராது. இரண்டாவது உயிரில் பலமான அழுத்தம் இருந்தாலும் சேர்ப்பது இடறும். மூன்று உயிர்கள் ஒரே இடத்தில் குவிந்தால், இலக்கணம் அனுமதித்தாலும் மெட்டின் வேகத்தைப் பாருங்கள். ‘தாச்சே இல் டெம்ப்போ எ அஸ்கோல்த்தா மே’, அதாவது காலம் மௌனமாகி என்னைக் கேட்கிறது என்று எழுதினால், ‘போ, எ, அ’ மூன்றும் நான்காவது நோட்டில் விழ வேண்டும். மெதுவான தாலாட்டில் சரி. குத்துப்பாட்டு வேகத்தில் அது வெறும் குழறல்.

அழுத்தத்தைப் பார்க்காமல் எண்ணிக்கையை மட்டும் பார்ப்பது

தமிழில் குறில் நெடில் ஓசைதான் சந்தத்தைத் தாங்குகிறது. இத்தாலியனில் ஒவ்வொரு சொல்லிலும் குறிப்பிட்ட ஓர் அசை அழுத்தம் பெறுகிறது. அது தட்டு விழும் நோட்டில் உட்கார வேண்டும். ‘இல் வென்த்தோ பார்லெரா குயி’ (காற்று இங்கே பேசும்) என்ற வரியை எண்ணுங்கள்: இல், வென், தோ, பார், லெ, ரா, குயி. கச்சிதமாக ஏழு. ஆனால் 3-ஆம் நோட்டின் தட்டு ‘தோ’வில் விழுகிறது, 5-ஆம் நோட்டின் தட்டு ‘லெ’யில் விழுகிறது. உண்மையில் அழுத்தம் பெற வேண்டிய ‘வென்’னும் ‘ரா’வும் தட்டில்லாத இடத்தில் கிடக்கின்றன. கேட்கிற இத்தாலியருக்குச் சொல்லே பிடிபடாது. சில சொற்களில் பொருளே மாறிவிடும்: ‘அன்கோரா’வில் நடு அசையை அழுத்தினால் ‘இன்னும்’, முதல் அசையை அழுத்தினால் ‘நங்கூரம்’.

சோதனை எளிது. மெட்டை மறந்துவிட்டு வரியை வெறும் பேச்சாகப் படியுங்கள். எந்த அசைகள் ஓங்கி ஒலிக்கின்றனவோ அவற்றின் மேல் புள்ளி வையுங்கள். ஏற்கெனவே போட்ட கோடுகளோடு ஒப்பிடுங்கள். ஒவ்வொரு தட்டிலும் புள்ளி இருக்க வேண்டும் என்பதில்லை. தட்டில்லாத நோட்டில் புள்ளி விழக்கூடாது, கடைசித் தட்டில் புள்ளி கட்டாயம் வேண்டும். ‘ஆன்க்கே இல் வென்த்தோ வியேனே எ பார்லா’ இந்தச் சோதனையில் அழகாகத் தேறும். ஆன், வென், வியே, பார் நான்கும் 1, 3, 5, 7-இல் நிற்கின்றன. மிஞ்சுவது கடைசி ‘லா’ மட்டும்.

வரியின் கடைசி நோட்டு

அந்த மிஞ்சிய ‘லா’தான் இந்த வேலையின் மையச் சிக்கல். தமிழ்ப் பாட்டு ‘தே’, ‘வா’, ‘மா’, ‘டா’ என்று கடைசி நோட்டில் நீண்டு நிற்கப் பழகியது. இத்தாலியச் சொற்களில் பெரும்பாலானவை கடைசிக்கு முந்தைய அசையில் அழுத்தம் பெறும். அதன் பின் மெலிந்த ஓர் அசை வால் போல வரும். நம் மெட்டில் அந்த வாலுக்கு நோட்டு இல்லை.

இத்தாலிய யாப்பு நூலைப் பார்த்தால் குழப்பம் கூடும். அங்கே வரியின் பெயர் கடைசி அழுத்தம் விழும் இடத்தோடு ஒன்று கூட்டி வருவது. கடைசி அழுத்தம் ஏழில் விழுந்தால் அது ‘ஒத்தொனாரியோ’, எட்டின் வரி. ஆனால் அதில் உண்மையில் ஏழு அசை இருக்கலாம் (த்ரோன்க்கோ முடிவு), எட்டு இருக்கலாம் (பியானோ முடிவு), ஒன்பதும் இருக்கலாம் (ஸ்த்ருச்சொலோ முடிவு). பெயரை நம்பி எட்டு அசை வைத்தால் நம் மெட்டில் இடிக்கும். நமக்கு வேண்டியது கடைசி அசையிலேயே அழுத்தம் விழும் த்ரோன்க்கோ.

மூன்று அசையுள்ள சொல்லைப் பார்த்ததும் ‘தானனா’வில் வைத்துவிடுவது இங்கே நடக்கும் பெரிய தவறு. ‘மூசிகா’ (இசை) எண்ணிக்கையில் ‘பேசுதே’க்கு இரட்டைப் பிள்ளை போல இருக்கும். ஆனால் அதில் அழுத்தம் ‘மூ’வில். நீண்ட கடைசி நோட்டில் ‘கா’ விழுந்தால், ஒலிக்கக் கூடாத இடம் ஓங்கி ஒலிக்கும். இத்தாலியப் பாட்டுகளிலும் இப்படி இழுப்பது உண்டுதான். பல்லவி முழுக்கச் செய்தால் மொழி தெரியாதவர் எழுதியது என்று தெரிந்துவிடும்.

சரியான வழிகள் மூன்று. முதலாவது, இசையமைப்பாளர் ஒப்புக்கொண்டால் கடைசி நீண்ட நோட்டை இரண்டாக உடைப்பது: ‘பார்’ நீளமாக, ‘லா’ அதன் நுனியில் குட்டையாக. ஒரு வரி மட்டுமென்றால் இதுவே நல்லது, பொருளில் எதையும் இழப்பதில்லை. குழுவாகப் பாடும் இடமென்றால் எல்லோரும் ஒரே நொடியில் உடைக்கும்படி தாளில் குறித்தாக வேண்டும்.

இரண்டாவது, எதிர்காலம். இத்தாலிய எதிர்கால வினையில் ‘நான்’, ‘அவன், அவள், அது’ வடிவங்கள் கடைசி அசையில் அழுத்தம் பெறும். ‘ஆன்க்கே இல் வென்த்தோ பார்லெரா’: ஆன் | கே‿இல் | வென் | தோ | பார் | லெ | ரா. ஏழு, அழுத்தமும் ஏழில். இரண்டாம் வரி ‘ஃபெர்மோ இல் டெம்ப்போ அஸ்கோல்த்தெரா’: ஃபெர் | மோ‿இல் | டெம் | போ‿அ | ஸ்கோல் | தெ | ரா. ‘பேசுதே, கேட்குதே’ இயைபுக்குப் பதிலாக ‘ரா, ரா’ கிடைக்கிறது. விலை என்னவென்றால், இப்போது நடப்பது இனி நடப்பதாக மாறுகிறது. இந்த நொடிதான் பாட்டின் உயிர் என்றால் இதைத் தொடாதீர்கள். நான்கு வரியும் ‘ரா’வில் முடிந்தால் இயைபு மலிவாகவும் ஒலிக்கும்.

மூன்றாவது வழிதான் இந்தப் பாட்டுக்குச் சிறந்தது: மே (என்னை), தே (உன்னை), குயி (இங்கே), பியு (அதிகம்) போன்ற ஓரசைச் சொல்லால் முடிப்பது. ‘ஆன்க்கே இல் வென்த்தோ பார்லா ஆ மே’: ஆன் | கே‿இல் | வென் | தோ | பார் | லா‿ஆ | மே. காற்றும் என்னிடம் பேசுகிறது. நிகழ்காலம் காப்பாற்றப்பட்டது, ‘உம்’ இருக்கிறது, ‘வந்து’ மட்டும் போயிற்று; அது தமிழிலேயே மெட்டை நிரப்பத்தான் இருந்தது. தமிழில் ‘தே’ நீண்ட அதே ஏகார ஒலி இங்கும் நீளுவதால் பாடகரின் வாய் மாற வேண்டியதில்லை. இரண்டாம் வரி ‘ஃபெர்மோ இல் டெம்ப்போ அஸ்கோல்த்தா தே’. காலம் அசையாமல் நின்று உன்னைக் கேட்கிறது என்று பொருள். பாட்டில் ஒரு ‘நீ’ இருந்தால் மட்டுமே இது செல்லும். காதல் பாட்டென்றால் பெரும்பாலும் இருக்கும்.

நான்காவதாக ஒரு குறுக்கு வழி பலர் கண்ணில் படும்: கடைசி உயிரை வெட்டி ‘அமோர்’, ‘குவோர்’, ‘அஸ்கோல்த்தார்’ என்று முடிப்பது. ல், ம், ன், ர் ஒலிகளுக்குப் பின் வரும் உயிரை இப்படி வெட்ட இலக்கணம் இடம் கொடுக்கிறது, பழைய ஓபராவில் நிறைந்து கிடக்கிறது. இன்றைய பாட்டில் அது பழம்பெரும் மேடை நாடக வசனம் போல ஒலிக்கும். பக்திப் பாடலுக்கோ பழைய காலக் கதைக்கோ வைத்துக்கொள்ளலாம்.

‘மீயோ’ (என்), ‘தூவோ’ (உன்) பற்றியும் ஒரு சொல். வரியின் நடுவில் இவை ஓர் அசை, வரியின் முடிவில் இரண்டு. ‘என் இதயம்’ என்பதைச் சொல் மாற்றிக் கடைசிக்குத் தள்ளினால் எண்ணிக்கை ஒன்று கூடும்.

பாடகருக்குத் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுப்பது

தமிழில் மூக்கொலிக்குப் பின் வரும் வல்லினம் மெலிந்துவிடும். காற்றைக் குறிக்கும் ‘வென்த்தோ’வை ‘வெந்தோ’ என்று எழுதிக் கொடுத்தால், பாடகர் பாடுவது ‘நான் விற்கிறேன்’ என்ற வேறொரு சொல்லை. இரு உயிருக்கு நடுவே வரும் ஒற்றை வல்லினமும் அப்படியே மெலியும் என்று பயந்து ஒற்றை இரட்டித்தால் இன்னொரு ஆபத்து: ஒற்று இரட்டித்தால் இத்தாலியனில் பொருளே மாறும். ‘செதே’ தாகம், ‘செத்தே’ ஏழு. இந்தக் கட்டுரையில் வாசிக்க வசதியாகத் தமிழில் எழுதியிருந்தாலும், ஸ்டாண்டில் வைக்கும் தாளில் ரோமன் எழுத்தே இருக்கட்டும். அசைக்கு நடுவே கோடு, சேரும் உயிர்களுக்கு அடியில் வளைவு, அழுத்தம் பெறும் அசைக்கு அடிக்கோடு. டிராக் பதிவானதும், வரி தெரியாத இத்தாலியன் அறிந்த ஒருவரிடம் தாளைக் காட்டாமல் போட்டுக் காட்டி, கேட்டதை எழுதச் சொல்லுங்கள். அவர் எழுதியது எந்த நோட்டில் மாறுகிறதோ, அந்த நோட்டை மட்டும் திருத்தி மறுபடி பதிவு செய்தால் போதும்.