வட்டத்தை வெட்டி அடுக்கும்போது எங்கே பிசகுகிறது?

7 செ.மீ. ஆரமுள்ள வட்டம் ஒன்றைச் சார்ட்டில் வரைந்து, எட்டுச் சமத் துண்டுகளாக வெட்டி, ஒன்றை நிமிர்த்தியும் அடுத்ததைக் கவிழ்த்தும் நெருக்கி அடுக்கினால் இணைகரம் மாதிரி ஒரு வடிவம் வரும். அதன் பரப்பைச் சொல்லிவிட்டால் வட்டத்தின் பரப்பைச் சொன்ன மாதிரி. கடலூர் மஞ்சக்குப்பத்தில் மாலை டியூஷனுக்கு வரும் பிள்ளைகளுக்கு இதில் வெட்டுவதும் ஒட்டுவதும் ஒரு சிக்கலே இல்லை. எதை நீளம் என்பது, எதை உயரம் என்பது என்று வரும்போதுதான் தடுமாறுகிறார்கள்.

அதிகம் பார்க்கும் தவறு, நீளத்தை 2πr என்று போடுவது. "வட்டத்தோட ஓரம் முழுசும் இங்கதானே சார் இருக்கு?" என்பார்கள். இருக்கிறது, ஆனால் எட்டு வில்லில் நான்கு மேலே போய்விட்டன, கீழே இருப்பவை நான்குதான். ஆகவே நீளம் பாதிச் சுற்றளவு, அதாவது πr. வெட்டும் முன் வட்டத்தின் ஓரம் முழுவதும் சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால் கோடிழுத்துவிட்டால் இந்தக் குழப்பம் வராது. சிவப்பு இரண்டு பக்கமும் பிரிந்திருப்பது கண்ணுக்கே தெரியும். வட்டத்தில் பாதியையும் விட்டத்தில் பாதியையும் பெருக்கச் சொல்லும் பழைய தமிழ்க் கணக்கு வழியும் இதேதான். 2πr என்று போட்டவருக்கு விடை 2πr² ஆகிவிடும், சரியாக இரண்டு மடங்கு.

அடுத்த தவறு ஸ்கேலை வைத்து அளப்பது. எட்டுத் துண்டு வடிவத்தில் பள்ளத்திலிருந்து பள்ளம் வரை உயரம் சுமார் 6.47 செ.மீ., மேட்டிலிருந்து மேடு வரை 7.53 செ.மீ. எதுவும் 7 இல்லை. கீழ்ப்பக்கத்தை நேராக அளந்தால் 21.43 வரும், πr என்பதோ 21.99. இவற்றைப் பெருக்கினால் ஒருவருக்கு 138.6, இன்னொருவருக்கு 161.4 சதுர செ.மீ. "அப்போ சூத்திரம் தோராயம்தானா சார்?" என்று கேட்பார்கள்.

தோராயம் இல்லை. துண்டுகளை இடம் மாற்றினோம், காகிதத்தைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. எட்டுத் துண்டிலும் பரப்பு 153.94தான், முப்பத்திரண்டு துண்டிலும் அதேதான். மாறுவது வடிவம் மட்டும். பதினாறு துண்டாக்கினால் உயரம் 6.87க்கும் 7.13க்கும் இடையில் வந்துவிடும், கீழ்ப்பக்கம் 21.85 ஆகும். துண்டுகள் கூடக்கூட உயரம் 7ஐயும் நீளம் 21.99ஐயும் எவ்வளவு வேண்டுமானாலும் நெருங்கும். பரப்போ நகராமல் நிற்கிறது. ஆகவே அது நெருங்கிப்போகும் செவ்வகத்தின் பரப்பாகத்தான் இருக்க முடியும்: πr × r. எட்டுத் துண்டோடு நிறுத்திவிட்டு "இது செவ்வகம்" என்று எழுதினால் இந்த வாதத்தின் உயிரே போய்விடுகிறது.

இதற்குள் இன்னொரு தவறு ஒளிந்திருக்கிறது, நன்றாகப் படிக்கும் பிள்ளைகளும் விழும் குழி அது. "வளைவு நேர்கோடு மாதிரி தெரியுது, அதனால நீளமும் அதேதான்" என்பது. பார்வைக்கு நேராகத் தெரிவது போதாது. புதுச்சேரியில் கடற்கரையை ஒட்டிய பழைய தெருக்கள் கட்டம் கட்டமாக இருக்கும். கிழக்கே 400 மீட்டர், வடக்கே 300 மீட்டர் தள்ளி ஓர் இடத்துக்குப் போக வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு முறை திரும்பினாலும், தெருவுக்குத் தெரு மாறிமாறித் திரும்பினாலும் நடை 700 மீட்டர்தான். திருப்பங்களை எவ்வளவு பொடியாக்கினாலும் அது மூலைவிட்டத்தின் 500 மீட்டராகச் சுருங்காது, தூரத்திலிருந்து பார்த்தால் மூலைவிட்டம் போலவே தெரிந்தாலும்.

அங்கே நடக்காதது வட்டத்தில் ஏன் நடக்கிறது? தெருவில் ஒவ்வொரு அடியும் மூலைவிட்டத்தை விட்டு விலகும் கோணம் குறைவதே இல்லை. வட்ட வில்லோ, துண்டு மெலிய மெலியத் தன் நாணோடு ஒட்டிப் படிகிறது. விலகும் கோணமும் பூச்சியத்தை நோக்கிப் போகிறது. எட்டுத் துண்டில் நாண்களின் நீளம் வில்லைவிட ஏறத்தாழ 2.6 சதவீதம் குறைவு, பதினாறில் 0.64 சதவீதம். துண்டு இரட்டித்தால் பிழை ஏறத்தாழக் கால்வாசியாகிறது.

கடைசியாக ஒன்று. நிரூபணத்தின் நடுவிலேயே πக்குப் பதில் 22/7 எழுதிவிட வேண்டாம். நமக்கு πr கிடைத்தது, சுற்றளவை விட்டத்தால் வகுத்தால் வருவதே π என்பதால்தான். 22/7 போட்டால் 154 என்று முழு எண் வந்து நிற்கும், அதையே சரியான பரப்பு என்று பிள்ளைகள் நம்பிவிடுவார்கள். πr² என்று எழுதி முடித்த பிறகு எண்ணைப் போட்டுக்கொள்ளலாம்.