வெளிநாட்டு நர்ஸ் வேலை: ஏஜென்ட் வாங்காத பணத்தைச் சம்பளத்தில் பிடிப்பார்கள்

வெளிநாட்டு வேலைக்குப் போகிற நர்ஸ்கள் பெரும்பாலும் ஒரே ஒரு கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "ஏஜென்டுக்கு எவ்வளவு கட்டணும்?" ஒன்றும் வேண்டாம் என்று பதில் வந்தால் நிம்மதியாகக் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். முதல் தவறு இதுதான். அந்தச் செலவு ஒப்பந்தத்தில் "திருப்பிச் செலுத்த வேண்டிய தொகை" என்ற பெயரில் ஒளிந்திருக்கலாம். இரண்டு மூன்று வருடத்துக்குள் வேலையை விட்டால் மொத்தத் தொகையும் கேட்கப்படும், அல்லது கடைசிச் சம்பளத்தில் பிடிக்கப்படும்.

பிடித்தத்துக்கு என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் என்று பார்க்காதீர்கள். உண்மையில் அது யாருடைய செலவு என்று பாருங்கள். சர்வதேச தொழிலாளர் அமைப்பு 2019-இல் வெளியிட்ட வரையறைப்படி, ஆள் சேர்க்கும் கட்டணத்தோடு, அதைச் சார்ந்த செலவுகளும் தொழிலாளியின் தலையில் விழக்கூடாது. முதலாளியோ ஏஜென்டோ கேட்டுச் செய்யவைக்கிற மருத்துவப் பரிசோதனை, மொழி மற்றும் திறன் தேர்வு, உரிமப் பதிவு, விசா, பயணச் செலவு எல்லாம் இதில் அடக்கம். முதலாளி ஏஜென்சிக்குக் கொடுத்த கட்டணத்தைப் பிறகு தொழிலாளியிடம் வசூலிப்பதையும் அந்த வரையறை ஆள் சேர்க்கும் கட்டணமாகவே கருதுகிறது. சில நாடுகளின் சட்டம் ஏஜென்சிகள் ஓர் உச்சவரம்புக்குள் கட்டணம் வாங்க அனுமதிக்கிறது. அங்கேயும் அந்த வரம்பைத் தாண்டியதும், ரசீது தராததும் நியாயமற்ற வசூல்தான்.

"ஒரேயடியாகக் கேட்கவில்லையே, மாதாமாதம் கொஞ்சம்தானே பிடிக்கிறார்கள்" என்று பலர் ஏற்றுக்கொள்கிறார்கள். தவணையாகப் பிடிப்பதால் அது நியாயமாகிவிடாது. வேலை கிடைப்பதற்காகவோ வேலையில் நீடிப்பதற்காகவோ முதலாளிக்கும் இடைத்தரகருக்கும் சம்பளத்திலிருந்து பணம் போவதை 1949-ஆம் ஆண்டின் ஊதியப் பாதுகாப்பு உடன்படிக்கை, 9-ஆம் பிரிவில், தடை செய்கிறது. வரி, ஓய்வூதியப் பங்களிப்பு, நீங்களே கேட்டு வாங்கிய முன்பணம், நியாயமான வாடகை ஆகியவை வேறு விஷயம். அவை சம்பளச் சீட்டில் தனித்தனியாகக் காட்டப்பட்டிருக்க வேண்டும். "இதர பிடித்தம்" என்று ஒரே வரியில் தொகை வந்தால் அந்த மாதமே கேளுங்கள்.

பிரிட்டனை எடுத்துக்கொண்டு ஒரு கணக்கைப் பார்ப்போம், தொகைகள் உதாரணத்துக்காகத்தான். மூன்று வருட பாண்டில் சேர்ந்த ஒருவர் இரண்டு வருடம் முடிந்ததும் விலகுகிறார். முதலாளி 7,200 பவுண்ட் கேட்கிறார். பிரித்துக் கேட்டால் இப்படி வருகிறது: ஏஜென்சி கட்டணம் 3,000, வெளிநாட்டு ஊழியரை எடுக்கும் முதலாளி அரசுக்குக் கட்டுகிற குடியேற்றத் திறன் கட்டணமும், விசாவுக்காக முதலாளி வழங்குகிற ஸ்பான்சர் சான்றிதழும் 2,000, விமான டிக்கெட் 700, தேர்வும் பயிற்சியும் 1,000, நிர்வாகச் செலவு 500.

இதில் ஏஜென்சி கட்டணம் மேலே சொன்ன வரையறைப்படி முதலாளியின் செலவு. குடியேற்றத் திறன் கட்டணத்தை ஊழியர் மேல் சுமத்தக்கூடாது என்பது அந்த நாட்டு விதி. திறன் பணியாளர் விசாவில், ஸ்பான்சர் சான்றிதழ் கட்டணத்துக்கும் 2024 டிசம்பர் 31 முதல் அதே தடை வந்துவிட்டது. இவற்றை வசூலிக்கிற முதலாளி, வெளிநாட்டு ஊழியரை எடுப்பதற்கான ஸ்பான்சர் உரிமத்தையே இழக்க நேரிடும். நிர்வாகச் செலவுக்கு ரசீது இல்லை என்றால் அதையும் ஏற்க வேண்டியதில்லை. மிஞ்சுவது டிக்கெட்டும் தேர்வும், 1,700. சர்வதேச வரையறை இவற்றையும் முதலாளியின் கணக்கில்தான் வைக்கிறது. ஆனால் வெளிநாட்டு நர்ஸ்களை எடுப்பதற்கான இங்கிலாந்தின் நடத்தை விதிகள் திருப்பிச் செலுத்தும் நிபந்தனையை முழுவதும் தடுக்கவில்லை. வெளிப்படைத்தன்மை, செலவுக்கு ஏற்ற தொகை, கால அளவு, நெகிழ்வு ஆகிய நான்கையும் கடைப்பிடிக்கச் சொல்கிறது. வேலை பார்த்த காலத்துக்கு ஏற்பத் தொகை குறைய வேண்டும் என்று இதை வைத்து வாதிடலாம். மூன்றில் இரண்டு பங்கு காலம் முடிந்துவிட்டது, ஆகவே மூன்றில் ஒரு பங்கு, சுமார் 567 பவுண்ட். 7,200 கேட்ட இடத்தில் பேச வேண்டிய தொகை இவ்வளவுதான். பயந்துபோய் முழுத் தொகையையும் கடன் வாங்கிக் கட்டியவர்கள் உண்டு என்பதுதான் வேதனை.

இந்தப் பட்டியலை விலகும்போது கேட்பதைவிட, கையெழுத்துப் போடும் முன்பே கேட்டுவிடுவது நல்லது. ஒவ்வொரு செலவும் எவ்வளவு, மாதம் எவ்வளவு குறையும், உடல்நலக் குறைவாலோ கொடுமை தாங்காமலோ விலகினால் என்ன ஆகும் என்று மின்னஞ்சலில் எழுதி வாங்குங்கள். உத்தரவாதமாகப் பாஸ்போர்ட்டையோ அசல் சான்றிதழையோ கேட்டால் கொடுக்காதீர்கள். "இனி உங்களுக்கு எங்கேயும் வேலை கிடைக்காது, பதிவை ரத்து செய்துவிடுவோம்" என்று மிரட்டினாலும், பதிவை ரத்து செய்கிற அதிகாரம் முதலாளிக்குக் கிடையாது. அது நர்சிங் கவுன்சிலிடம்தான் இருக்கிறது. போய்ச் சேர்ந்ததுமே யூனியனில் சேர்ந்துவிடுங்கள். பிரச்சினை வந்த பிறகு சேர்ந்தால், பழைய தகராறுக்குச் சட்ட உதவி கிடைக்காமல் போகலாம்.