64 ஸ்லைடுகளிலிருந்து ஒரு பக்கம்

கூட்டத்துக்கு வராத இயக்குநர்களுக்காக எங்கள் காலாண்டு ஆய்வின் 64 ஸ்லைடுகளைச் சுருக்கும் வேலை எனக்கு வந்தது. முதல் முறை ஸ்லைடுக்கு ஒரு வரி என்று எழுதினேன். "விற்பனை 12% உயர்வு" என்பதைப் படித்த ஒருவர், "எதைவிட?" என்று கேட்டார். அதைச் சொன்ன வரைபடம் ஸ்லைடில் இருந்தது, என் தாளில் இல்லை.

அடுத்த முறை ஸ்லைடுகளை மூடிவைத்துவிட்டு, அவர்கள் எடுக்க வேண்டிய முடிவை முதல் வரியாக்கினேன்: புதிய கிடங்கை ஒரு காலாண்டு தள்ளிவைக்க வேண்டும். பிறகு காரணம்: "விற்பனை முந்தைய காலாண்டைவிட 12% கூடியது தீபாவளியால், சென்ற ஆண்டின் இதே காலாண்டைவிட 2% மட்டுமே அதிகம். வாடிக்கையாளர்களிடமிருந்து பணம் வர முன்பு 41 நாள் ஆனது, இப்போது 58 நாள் ஆகிறது." இந்த முடிவோடு தொடர்பில்லாத ஸ்லைடுகளை விட்டுவிட்டேன். விளம்பரக் குழுவுக்கு வருத்தம்தான். ஆனாலும் அதுவே சரி என்று இன்றும் நினைக்கிறேன்.

அனுப்புமுன், ஸ்லைடுகளைப் பார்க்காத கணக்குப் பிரிவுத் தோழியிடம் படிக்கக் கொடுத்தேன். "'இரண்டாம் கட்டம்' என்றால் என்ன?" என்றார். அதன் விளக்கம் ஒன்பதாம் ஸ்லைடில் மட்டுமே இருந்தது. "கோவைக் கிளைத் திறப்பு" என்று மாற்றி அனுப்பினேன்.