ஒரே எண்கள், இரண்டு ஸ்கிரீன்ஷாட்கள்: அச்சைப் படிக்காமல் ஒப்பிடும்போது நேரும் தவறுகள்

2015 டிசம்பர் 12 அன்று பாரிஸ் பருவநிலை உடன்பாடு நிறைவேறியது. இரண்டு நாட்கள் கழித்து, அமெரிக்காவின் பழைமைவாத இதழான நேஷனல் ரிவ்யூ ட்விட்டரில் ஒரு வரைபடத்தை வெளியிட்டது. பருவநிலை மாற்றம் பற்றி நீங்கள் பார்க்க வேண்டிய ஒரே வரைபடம் இதுதான் என்பது அதனுடன் வந்த வாசகத்தின் பொருள். 1880 முதல் உலகின் ஆண்டுச் சராசரி வெப்பநிலையைக் காட்டிய அந்தக் கோடு, இடக்கோடியிலிருந்து வலக்கோடி வரை ஏறக்குறைய மட்டமாகவே ஓடியது. எண்கள் நாசாவுடையவை. அதே எண்களை வைத்து நாசா வெளியிடும் வரைபடத்தில் கோடு, குறிப்பாக 1970களுக்குப் பிறகு, செங்குத்தாக ஏறுகிறது.

இந்த இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பவர் பொதுவாகச் செய்யும் முதல் தவறு, யாரோ ஒருவர் எண்களைத் திருத்திவிட்டார் என்று நினைப்பது. இங்கே எவரும் எந்த எண்ணையும் தொடவில்லை. மாறியது செங்குத்து அச்சு மட்டும்தான். நேஷனல் ரிவ்யூ வெளியிட்ட படத்தில் அது மைனஸ் 10 ஃபாரன்ஹீட்டில் தொடங்கி 110 வரை, அதாவது 120 டிகிரிக்கு நீண்டது. நாசாவின் படத்திலோ ஒன்றிரண்டு செல்சியஸ் டிகிரிக்குள் முழு அச்சும் அடங்கிவிடும். ஆகவே கோட்டைப் பார்ப்பதற்கு முன்பே இடப்பக்க எண்களைப் படித்துவிட வேண்டும். சொல்வதற்கு எளிதான இந்த அறிவுரையைப் பின்பற்றுவது கடினம். கண் முதலில் போய் நிற்பது கோட்டின் சாய்வில்தான், மனம் அங்கேயே ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறது. அதனால் படிப்பதோடு நிற்காமல் அளந்து பார்ப்பதே பாதுகாப்பு.

அளப்பது இப்படி. செங்குத்து அச்சில் எண் எழுதப்பட்ட இரண்டு கோடுகளைத் தேர்ந்தெடுங்கள். அவற்றுக்கு இடையே எத்தனை பிக்சல் என்று ஏதாவது ஒரு படத்திருத்தச் செயலியில் பாருங்கள். திரையின் மேல் ஒரு சாதாரண அடிக்கோலை வைத்து மில்லிமீட்டரில் அளந்தாலும் போதும். எண்களின் வித்தியாசத்தைப் பிக்சல்களால் வகுத்தால் ஒரு பிக்சலின் மதிப்பு கிடைக்கும். வரைபடப் பகுதி 400 பிக்சல் உயரம் என்று வைத்துக்கொள்வோம். 120 டிகிரி அச்சில் ஒரு பிக்சலுக்கு 0.3 டிகிரி ஃபாரன்ஹீட். 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து 2015 வரை உலகம் சூடேறிய அளவு சுமார் 1 டிகிரி செல்சியஸ், அதாவது 1.8 டிகிரி ஃபாரன்ஹீட். வித்தியாசத்தை மாற்றும்போது 1.8ஆல் பெருக்கினால் போதும், வெப்பநிலையை மாற்றும்போது கூட்டுகிற 32 இங்கே வரக்கூடாது. (இதைக் கூட்டிவிட்டு 33.8 டிகிரி உயர்ந்துவிட்டதாக எண்ணுபவர்கள் உண்டு.) 1.8ஐ 0.3ஆல் வகுத்தால் 6 பிக்சல். கோட்டின் தடிப்பே இரண்டு மூன்று பிக்சல் இருக்கும் படத்தில், 135 ஆண்டுக் கால மாற்றம் முழுவதற்கும் கிடைக்கும் இடம் இவ்வளவுதான்.

அதே எண்களை, ஒரு நீண்டகாலச் சராசரியிலிருந்து எவ்வளவு விலகியிருக்கின்றன என்ற கணக்கில், அதே 400 பிக்சல் உயரத்தில், மைனஸ் 0.5 செல்சியஸில் தொடங்கி 1.0 செல்சியஸ் வரை போகும் அச்சில் வரைந்தால், அந்த ஒரு டிகிரி ஏறக்குறைய 267 பிக்சல் ஏறும். ஆறுக்கும் இருநூற்று அறுபத்தேழுக்கும் இடையிலான இந்த வேறுபாட்டில் வெப்பநிலைக்கு எந்தப் பங்கும் இல்லை. வரைந்தவர் தேர்ந்தெடுத்த எல்லைகளே முழுக் காரணம்.

இப்போது உண்மையான கேள்வி வருகிறது. இரண்டில் எதை நம்புவது? பலர் இங்கேதான் இரண்டாவது தவறைச் செய்கிறார்கள். அச்சு பூஜ்யத்தில் தொடங்கினால் நேர்மை, இல்லாவிட்டால் மோசடி என்று ஒரு விதியை எல்லாப் படங்களுக்கும் பொருத்திவிடுகிறார்கள். அந்த விதிப்படி பார்த்தால் நேஷனல் ரிவ்யூவின் படமே யோக்கியமானது, நாசாவின் படம் மிகைப்படுத்தல். இந்த முடிவு தவறு என்பதை நான் உறுதியாகச் சொல்வேன். காரணம், அந்த விதி பிறந்த இடம் வேறு.

அது பட்டை வரைபடங்களுக்கான விதி. பட்டையில் நாம் ஒப்பிடுவது நீளத்தை. ஒரு பட்டை இன்னொன்றைப் போல இரண்டு மடங்கு உயரமாக இருந்தால் அளவும் இரண்டு மடங்கு என்றே கண் எடுத்துக்கொள்ளும். 2012இல் ஃபாக்ஸ் பிசினஸ் அலைவரிசை காட்டிய ஒரு படம் இதற்கு நல்ல சான்று. புஷ் காலத்து வரிச்சலுகை முடிந்தால் உச்ச வருமான வரி விகிதம் 35 விழுக்காட்டிலிருந்து 39.6 ஆகும் என்பதை இரண்டு பட்டைகளால் காட்டினார்கள். அச்சு 34இல் தொடங்கியது. அதனால் முதல் பட்டையின் உயரம் ஓர் அலகு, இரண்டாவதன் உயரம் 5.6 அலகு. விகிதத்தின் உண்மையான உயர்வு சுமார் 13 விழுக்காடு, கண்ணுக்குத் தெரிந்ததோ ஐந்தரை மடங்கு. பட்டையின் அடிப்பகுதியை வெட்டினால் நீளம் பொய் சொல்லும். இங்கே பூஜ்யம் கட்டாயம்.

கோட்டு வரைபடம் அப்படிப்பட்டதல்ல. அதில் நாம் பார்ப்பது நீளத்தை அல்ல, ஒரு புள்ளியிலிருந்து அடுத்த புள்ளிக்கு நேரும் மாற்றத்தை. மேலும், ஃபாரன்ஹீட் அளவையில் பூஜ்யம் என்பது எதுவும் இல்லாத நிலை அல்ல. செல்சியஸில் அது வேறு இடத்தில் இருக்கிறது, கெல்வினில் இன்னும் வெகு கீழே. 60 டிகிரி ஃபாரன்ஹீட் 30 டிகிரியைப் போல இரண்டு மடங்கு சூடு என்று யாரும் சொல்ல முடியாது. அப்படியிருக்க, அந்தப் பூஜ்யத்தை அச்சில் சேர்ப்பதால் எந்த நேர்மையும் கூடிவிடாது. வீட்டில் இருக்கும் காய்ச்சல் மானியைப் பாருங்கள். அதன் கோடுகள் 94, 95 என்று தொடங்கி 108க்குள் முடிந்துவிடுகின்றன. 98.6க்கும் 103க்கும் உள்ள வேறுபாடு உயிர் சம்பந்தப்பட்டது என்பதால் அந்த வேறுபாடு தெளிவாகத் தெரியும்படி அதைச் செய்திருக்கிறார்கள். மைனஸ் 10இலிருந்து 110 வரை கோடு போட்ட மானியில் எந்தக் குழந்தைக்கும் காய்ச்சல் தெரியாது.

அப்படியானால் எந்த அச்சு பொருத்தமானது என்று தீர்மானிக்க ஒரு சோதனை வேண்டும். நான் இரண்டைப் பயன்படுத்துகிறேன். முதலாவது, முக்கியமானது என்று ஏற்கெனவே நமக்குத் தெரிந்த ஒரு மாற்றத்தை அந்த அச்சில் வைத்துப் பார்ப்பது. கடைசிப் பனியுகத்தின் உச்சத்தில், சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன்பு, கனடாவின் பெரும்பகுதி பனிப்பாளத்தின் அடியில் கிடந்தது, கடல் மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட நூறு மீட்டருக்கும் மேல் தாழ்ந்திருந்தது. அப்போது உலகச் சராசரி வெப்பநிலை தொழிற்புரட்சிக்கு முந்தைய அளவைவிடச் சுமார் 6 டிகிரி செல்சியஸ், அதாவது 11 டிகிரி ஃபாரன்ஹீட் குறைவு. 120 டிகிரி அச்சில் இதற்குக் கிடைப்பது வெறும் 36, 37 பிக்சல், படத்தின் உயரத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஒரு பனியுகத்தையே சிறு பள்ளமாக்கிவிடும் அச்சு, வேறு எந்த மாற்றத்தைக் காட்டப்போகிறது?

இரண்டாவது சோதனைக்கு வெளித்தகவல் வேண்டியதில்லை. எண்களுக்குள்ளேயே இருக்கும் ஏற்ற இறக்கத்தைப் பாருங்கள். உலகச் சராசரி வெப்பநிலை ஆண்டுக்கு ஆண்டு ஒரு டிகிரி செல்சியஸில் பத்தில் ஒரு பங்கு, இரண்டு பங்கு என்ற அளவில் மேலும் கீழும் ஆடும். எல் நினோவும் பெரிய எரிமலை வெடிப்புகளும் அதற்குக் காரணம். 1991இல் பிலிப்பைன்ஸின் பினாடுபோ எரிமலை வெடித்த பிறகு வந்த குளிர்ச்சி இந்த வகையைச் சேர்ந்தது. நல்ல அச்சில் இந்த ஆட்டமும் தெரியும், அதைத் தாண்டி நீண்ட போக்கு எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதும் தெரியும். மட்டமான படத்தில் ஆட்டமே ஏறக்குறைய ஒரு பிக்சலுக்குள் மறைந்துவிடுகிறது. எதிர்த்திசையிலும் இதே சோதனை உதவும். யாராவது இரண்டு மூன்று ஆண்டுகளை மட்டும் வெட்டியெடுத்து, 0.1 டிகிரி இறக்கத்தைப் படம் முழுக்கப் பரப்பி, உலகம் குளிர்கிறது என்று அனுப்பினால், அந்த இறக்கம் வழக்கமான ஆட்டத்தைவிடப் பெரியதா என்று கேளுங்கள். பெரியதல்ல என்றால், அந்தச் சாய்விலிருந்து எந்தப் போக்கையும் கண்டுபிடிக்க முடியாது.

மூன்றாவது தவறு, இரண்டு படங்களிலும் பூஜ்யம் என்று எழுதியிருந்தால் இரண்டும் ஒன்றே என்று எடுத்துக்கொள்வது. நாசாவின் படத்தில் பூஜ்யம் என்பது 1951 முதல் 1980 வரையிலான சராசரி. அமெரிக்கக் கடல், வளிமண்டல நிறுவனமான நோவா பெரும்பாலும் 20ஆம் நூற்றாண்டின் சராசரியைப் பூஜ்யமாக வைக்கிறது. பாரிஸ் உடன்பாட்டின் 1.5 டிகிரி எல்லை தொழிற்புரட்சிக்கு முந்தைய காலத்திலிருந்து கணக்கிடப்படுகிறது. ஒரே ஆண்டுக்கு மூன்று படங்களில் மூன்று எண்கள் வரும், மூன்றும் சரியாக இருக்கும். தலைப்புக்குக் கீழே சிறிய எழுத்தில் இருக்கும் அடிப்படைக் காலத்தை ஸ்கிரீன்ஷாட் எடுப்பவர் வெட்டிவிட்டால், இந்த எண்களை ஒன்றோடொன்று கழித்துப் பார்ப்பதில் பொருள் இல்லை. அச்சே வெட்டப்பட்டிருந்தால் அளக்கவும் வழியில்லை. அப்படிப்பட்ட படத்தை வைத்து வாதிடாமல் மூலப் படத்தைத் தேடுவதுதான் வழி.

அச்சு பொருந்தாத எல்லா இடத்திலும் சூழ்ச்சி இருப்பதாக நினைப்பதும் தவறே. எக்செல் போன்ற மென்பொருள்கள், எண்கள் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருந்தால் அச்சைத் தாமாகவே பூஜ்யத்துக்கு மேலே தொடங்கிவிடும். புதிய எண் எல்லையைத் தாண்டினால் தாமாகவே அச்சை நீட்டவும் செய்யும். ஒரே நிறுவனத்தின் பழைய படத்தையும் புதிய படத்தையும் ஒப்பிடும்போது இது நம்மை ஏமாற்றிவிடும். நாசாவின் கணக்கில் 2024ஆம் ஆண்டு, 1951-1980 சராசரியைவிட 1.28 டிகிரி செல்சியஸ் அதிகம். மேலே சொன்ன 1.0 வரையிலான அச்சில் அந்தப் புள்ளி சட்டகத்துக்கு வெளியே போய்விடும், எனவே அச்சை 1.5 வரை நீட்டியாக வேண்டும். நீட்டியதும் ஒரு டிகிரிக்குக் கிடைக்கும் உயரம் 267 பிக்சலிலிருந்து 200 ஆகக் குறைகிறது. 2015 வரையிலான அதே கோடு, புதிய படத்தில் முன்பைவிடச் சாய்வு குறைந்து தெரியும். கிடைமட்ட அச்சிலும் ஒன்பது ஆண்டுகள் கூடியிருப்பதால் படத்தின் அகலம் மாறாதவரை அந்தப் பக்கமும் சிறிது நெருக்கப்பட்டிருக்கும். இப்படிப்பட்ட இரண்டு ஸ்கிரீன்ஷாட்களை ஒப்பிடும் முன், இரண்டு படங்களிலும் பொதுவாக உள்ள இரண்டு ஆண்டுகளை, எடுத்துக்காட்டாக 1980ஐயும் 2015ஐயும், எடுத்துக்கொண்டு அவற்றின் மதிப்புகளைத் தனித்தனியே அளந்து எழுதுங்கள். இரண்டு படங்களிலும் வித்தியாசம் ஏறக்குறைய ஒன்றாகவே வந்தால் மாறியது அச்சு மட்டுமே. கோட்டின் தடிப்பு அளவுக்கு மேல் வேறுபட்டால், தரவுத்தொகுப்பின் பதிப்பு மாறியிருக்கிறதா, மூலம் வேறா என்று அடுத்துத் தேட வேண்டும்.