இன்வாய்ஸின் அடியில் ‘வேலூர் ஜூரிஸ்டிக்‌ஷன்’: எல்லை தாண்டிய ஒப்பந்தங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்று ஹாம்பர்க் வியாபாரிக்கு 6,000 ஜோடி அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். ஜோடி 25 யூரோ, மொத்தம் 1,50,000. முன்பணம் 90,000 வந்துவிட்டது. ஐந்தாம் மாதம், சோல் பெயர்கிறது என்று சொல்லி வாங்கியவர் மீதி 60,000-ஐ நிறுத்துகிறார். ஒப்பந்தத்தில் ‘ஜெர்மன் சட்டம் பொருந்தும்’ என்று ஒரே வரி. எந்த நீதிமன்றம் என்று எதுவும் இல்லை. சரக்கோடு போன இன்வாய்ஸின் அடியில் மட்டும் ‘வேலூர் ஜூரிஸ்டிக்‌ஷனுக்கு உட்பட்டது’ என்று அச்சாகியிருக்கிறது.

முதல் தவறு இந்த இன்வாய்ஸ் வரிதான். ஒப்பந்தம் முடிந்த பிறகு ஒருவர் மட்டும் அச்சிட்டு அனுப்பும் வரிக்கு மற்றவர் சம்மதித்தார் என்று காட்டுவது கடினம். சம்மதம் இருந்தாலும் சொற்கள் இடறும். சேலத்து நிறுவனம் ஒன்று எதிர்தரப்பாக இருந்த ஏபிசி லாமினார்ட் வழக்கில் (1989), ‘கைரா ஜூரிஸ்டிக்‌ஷனுக்கு உட்பட்டது’ என்று மட்டும் எழுதியிருந்தது சேலம் நீதிமன்றத்தின் அதிகாரத்தை விலக்கவில்லை என்றது உச்ச நீதிமன்றம். ‘மட்டுமே’ போன்ற சொல் அதில் இல்லை. ஸ்வஸ்திக் கேஸஸ் வழக்கில் (2013) அந்தச் சொல் இல்லாமலும் விலக்கும் நோக்கத்தை ஊகிக்கலாம் என்றார்கள். ஊகத்துக்கு ஏன் விட வேண்டும்? ‘மட்டுமே’ என்று எழுதிவிடுங்கள்.

இன்னொன்றும் இதில் ஒளிந்திருக்கிறது. 2019-ல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்து ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போய்விட்டது. பழைய இன்வாய்ஸ் புத்தகம் இன்னும் ‘வேலூர்’ என்கிறது. இந்திய நீதிமன்றங்களைப் பொறுத்தவரை, இயல்பாக அதிகாரமுள்ள இரண்டில் ஒன்றைத் தரப்பினர் தேர்ந்தெடுக்கலாம்; இல்லாத அதிகாரத்தைச் சம்மதத்தால் உண்டாக்க முடியாது. 1971-ல் ஹக்கம் சிங் வழக்கு சொன்னது இதைத்தான். வெளிநாட்டு நடுநிலை நீதிமன்றத்தைத் தேர்ந்தெடுக்க மட்டும் இந்தத் தடை இல்லை (மோடி என்டர்டெயின்மென்ட், 2003).

இரண்டாவது தவறு பலருக்குத் தெரியாமலே நடக்கிறது. ‘ஜெர்மன் சட்டம்’ என்று எழுதியவர் ஜெர்மன் சிவில் சட்டத் தொகுப்பை நினைத்திருப்பார். ஆனால் சர்வதேச சரக்கு விற்பனை குறித்த 1980 வியன்னா உடன்படிக்கையும் ஜெர்மன் சட்டத்தின் ஒரு பகுதி. இந்தியா அதில் சேரவில்லையே என்று கேட்கலாம். உறுப்பு நாடு ஒன்றின் சட்டம் பொருந்தும் என்று ஆனாலே போதும், உடன்படிக்கையும் கூடவே வந்துவிடும் என்கிறது அதன் 1-ஆம் பிரிவு.

விளைவு நம் வழக்கிலேயே தெரியும். சோல் பெயர்ந்ததற்குக் காரணம் வெளியில் வாங்கிய பசை. ஜெர்மன் சிவில் சட்டத்தின்படி தன் பக்கம் தவறில்லை என்று நிரூபித்தால் விற்றவர் நஷ்டஈட்டிலிருந்து தப்பலாம். வியன்னா உடன்படிக்கையில் அந்த வாசல் மிகக் குறுகியது. சரக்கு ஒப்பந்தப்படி இல்லை என்றாலே பொறுப்பு வரும். புகார் சொல்லும் கெடுவும் வேறு. ஜெர்மன் வணிகச் சட்டம் குறையை ‘தாமதமின்றி’ தெரிவிக்கச் சொல்கிறது. உடன்படிக்கை ‘நியாயமான காலம்’ தருகிறது, உச்சவரம்பு இரண்டு ஆண்டு. உடன்படிக்கை வேண்டாமென்றால் அதன் பெயரைச் சொல்லியே விலக்க வேண்டும்.

வேடிக்கை என்னவென்றால், சட்டம் பற்றி ஒன்றுமே எழுதாமல் இருந்திருந்தால் ஹாம்பர்க் நீதிமன்றம் ஐரோப்பிய ஒன்றியத்தின் ரோம் I ஒழுங்குமுறையின் 4-ஆம் பிரிவுப்படி விற்பவர் நாட்டுச் சட்டத்தை, அதாவது இந்தியச் சட்டத்தை எடுத்திருக்கும். கையில் இருந்ததை ஆம்பூர்க்காரரே எழுதிக்கொடுத்துவிட்டார்.

மூன்றாவது தவறு, பணம் எங்கே இருக்கிறது என்று பார்க்காமல் நீதிமன்றத்தைத் தேர்வது. வாங்கியவரின் சொத்து முழுவதும் ஜெர்மனியில். இங்கே டிக்ரி வாங்கினாலும் அதை அங்கே நிறைவேற்ற இரு நாட்டுக்கும் இடையே ஒப்பந்தம் எதுவும் இல்லை. ஜெர்மன் தீர்ப்பை இந்தியா ஏற்குமா, பரஸ்பரம் உண்டா என்று ஜெர்மன் நீதிமன்றம் கேட்கும். எதிர்த்திசையிலும் இதே கதை. சிவில் நடைமுறைச் சட்டம் 44ஏ பிரிவின் கீழ் ஜெர்மனி பரஸ்பர நாடாக அறிவிக்கப்படவில்லை. ஆகவே ஜெர்மன் தீர்ப்பை வைத்து இங்கே மூன்று ஆண்டுக்குள் புது வழக்கு போட வேண்டும். வெளிநாட்டுத் தீர்ப்பை மறுக்க 13-ஆம் பிரிவு தரும் ஆறு விதிவிலக்குகளையும் தாண்ட வேண்டும். இங்கிலாந்து, சிங்கப்பூர், 2020 முதல் ஐக்கிய அரபு அமீரகம் ஆகியவற்றின் மேல்நிலை நீதிமன்றத் தீர்ப்பென்றால் நேரே நிறைவேற்றுமனு போடலாம்.

அதனால் இந்த ஒப்பந்தத்துக்கு நடுவர் மன்றம்தான் பொருந்தும் என்பது எங்கள் கருத்து. வெளிநாட்டு நடுவர் தீர்ப்புகளை நிறைவேற்ற வழிசெய்யும் 1958 நியூயார்க் உடன்படிக்கையில் இந்தியாவும் ஜெர்மனியும் இருக்கின்றன. வரியை இப்படி எழுதலாம்: ‘இந்த ஒப்பந்தத்துக்கு இந்தியச் சட்டம் பொருந்தும். இதிலிருந்தோ இது தொடர்பாகவோ எழும் எல்லாத் தகராறுகளும் நடுவர் மன்றத்தால் மட்டுமே தீர்க்கப்படும், நடுவர் மன்றத்தின் சட்டபூர்வ இருப்பிடம் சிங்கப்பூர், நடுவர் ஒருவர், மொழி ஆங்கிலம்.’ இதில் ‘இருப்பிடம்’ என்ற சொல்லை ‘விசாரணை நடக்கும் இடம்’ என்று மாற்றிவிட வேண்டாம். எந்த நாட்டு நீதிமன்றம் நடுவர் தீர்ப்பை ரத்து செய்யலாம் என்பதை முடிவுசெய்வது இருப்பிடம்தான். கையெழுத்தானதும் இன்வாய்ஸின் அடியில் இருக்கும் அந்த ‘வேலூர்’ வரியை அடித்துவிடுங்கள்; இரண்டும் ஒன்றோடொன்று மோதும்.